நிமிடத்துக்கு 1,000 வார்த்தை: ஸ்பீட் ரீடிங் வகுப்பில் பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

குரூப் 1, சிவில் சர்வீஸ் என்று படிப்பவர்களைக் குறிவைத்து ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. "நிமிடத்துக்கு 1,000 வார்த்தை, புரிதல் துளியும் குறையாது, கேரண்டி." 8,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "உங்கள் ஸ்கோர் ஏறியிருக்கிறதே, அப்புறம் என்ன?" என்கிறார்கள். பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே சரக்கை வேறு வேறு பெயரில் பலர் விற்கிறார்கள், விற்கும் முறை ஒன்றுதான்.

ஸ்கோர் ஏறியது உண்மை. எப்படி ஏறியது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதல் நாள் ஒரு ஆங்கிலப் பகுதி கொடுத்தார்கள். பணவீக்கம், வட்டி விகிதம் என்று நெருக்கமான எழுத்து. என் வேகம் 180, பத்துக் கேள்வியில் ஆறு சரி. கடைசி நாள் கொடுத்தது தேனீக்கள் பற்றிய கட்டுரை. வேகம் 720, பத்துக்கு எட்டு. இரண்டையும் பெருக்கி 'பயனுள்ள வேகம்' என்று ஒரு எண் போட்டார்கள். 180-ல் 60 சதவீதம் 108, 720-ல் 80 சதவீதம் 576. ஐந்து மடங்கு வளர்ச்சி என்று சான்றிதழே வந்துவிட்டது.

அந்தத் தேனீக் கேள்வித்தாளை வீட்டில் தங்கையிடம் கொடுத்தேன். கட்டுரையைக் கண்ணில் காட்டவே இல்லை. ஏழு கேள்விக்குச் சரியாக விடை போட்டாள். "தேனீக்கள் குறைந்தால் விவசாயத்துக்கு என்ன ஆகும்?" என்று கேட்டு நாலு விடை கொடுத்தால் யார்தான் தப்பாகப் போடுவார்கள்? படிக்காமலே ஏழு வருகிற தாளில் நான் எட்டு வாங்கியதற்குத்தான் அந்தச் சான்றிதழ்.

இது பழைய தந்திரம். அமெரிக்காவில் 1959-ல் எவலின் வுட் தொடங்கிய வகுப்புகள்தான் இந்த வியாபாரத்தைப் பரப்பின. அங்கே படித்தவர்களைச் சோதித்த ஓர் ஆய்வின் கேள்விகளை, பாடத்தைப் படிக்காத ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தார் ரொனால்ட் கார்வர் என்ற ஆய்வாளர். வேக வாசகர்கள் வாங்கிய மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே அவர்களும் வந்துவிட்டார்கள். 1983-ல் டொனால்ட் ஹோமா என்ற உளவியலாளர், நிமிடத்துக்கு 15,000 வார்த்தைக்கு மேல் படிப்பதாகச் சொன்ன இருவரைக் கல்லூரிப் பாடநூலை வைத்துச் சோதித்தார். புரிதலில் இருவரும் தேறவில்லை. அவர்களிடம் குறிப்பிடும்படியாக இருந்த திறமை வேகமாகப் பக்கம் புரட்டுவது மட்டும்தான் என்று எழுதிவிட்டார் மனிதர்.

வகுப்பில் சொல்லித்தந்தவை மூன்று: பார்வையை விரித்து ஒரு வரியை மொத்தமாகப் பார், மனசுக்குள் உச்சரிக்காதே, படித்த வரிக்குத் திரும்பாதே.

முதலாவதை நீங்களே சோதிக்கலாம். கையை நேராக நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த விரல் அகலத்துக்குத்தான் கண்ணில் கூர்மையான பார்வை உண்டு. செய்தித்தாளில் ஒரு சொல்லின் நடு எழுத்தில் பார்வையை நிறுத்தி, கண்ணை அசைக்காமல் அதே வரியில் மூன்று சொல் தள்ளியிருப்பதைப் படிக்கப் பாருங்கள். ஏதோ கருப்பாகத் தெரியும், என்ன எழுத்து என்று தெரியாது. இது விழித்திரையின் அமைப்பு. பயிற்சியால் விரியாது.

கண் வரியில் வழுக்கிக்கொண்டும் போவதில்லை. கிட்டத்தட்ட கால் நொடி நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். படிக்கும் நேரத்தில் இந்தத் தாவல்களுக்குப் போவது பத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. ஆகவே ஒரே இடத்தில் ஒவ்வொரு சொல்லாக மின்னவைக்கும் ஆப்பைத் தந்து "கண்ணின் அலைச்சல் மிச்சம்" என்றால், மிச்சமாவது அந்தச் சொற்பம்தான். கீத் ரெய்னரும் நான்கு சக ஆய்வாளர்களும் சேர்ந்து பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் எழுதிய நீண்ட கட்டுரையும் இதைத்தான் சொல்கிறது: தடை கண்ணில் இல்லை, சொல்லை அடையாளம் கண்டு வாக்கியத்தைக் கோத்துப் புரிந்துகொள்ளும் இடத்தில் இருக்கிறது. பழகிய பெரியவர்கள் ஆங்கிலத்தில் கட்டுரை வகையைப் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்குச் சுமார் 240 வார்த்தை. தமிழ்ப் பாடத்துக்கு இந்த எண்ணை அப்படியே போட முடியாது, நம் சொற்களின் நீளமே வேறு.

மனக்குரல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படிக்கும்போது வாய்க்கு வேறு வேலை கொடுத்து உள்ளுச்சரிப்பைத் தடுத்த சோதனைகளில், தனித்தனிச் செய்தி ஓரளவு தங்கியது. ஒன்றோடொன்றை இணைத்துப் புரிந்துகொள்வது அடிவாங்கியது.

அதிகக் கெடுதல் செய்தது மூன்றாவது பாடம். படித்த வரிகளை ஒரு அட்டையால் மூடிக்கொண்டே வரச் சொன்னார்கள். சாதாரண வாசகரின் கண் தாவல்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பின்னோக்கியவை. அது கெட்ட பழக்கம் இல்லை, புரியாத இடத்தைச் சரிசெய்யும் வேலை. 2014-ல் எலிசபெத் ஷாட்டரும் ரெய்னரும் இன்னொருவரும், கண் கடந்த சொற்களெல்லாம் திரையில் உடனே மறையும்படி அமைத்துச் சோதித்தார்கள். திரும்பிப் பார்க்க வழியில்லாதபோது புரிதல் தெளிவாகக் குறைந்தது, சிக்கலான வாக்கியத்தில் மட்டுமல்ல, எளியதிலும்.

நம் பாடத்தில் இதைப் பாருங்கள். "பண மசோதாவை மாநிலங்களவை திருத்தவோ நிராகரிக்கவோ முடியாது, 14 நாட்களுக்குள் பரிந்துரைகளோடோ பரிந்துரை இல்லாமலோ திருப்பி அனுப்ப வேண்டும், பரிந்துரைகளை மக்களவை ஏற்கலாம், நிராகரிக்கலாம்." அட்டை வைத்து ஓட்டினால் மனதில் நிற்பது பண மசோதா, மாநிலங்களவை, 14 நாள், நிராகரிப்பு. யார் நிராகரிக்கலாம், யார் முடியாது? தேர்வில் கேட்பது அதைத்தான். 'நிராகரிக்கலாம்' என்ற இடத்தில் எவருக்கும் கண் ஒரு முறை பின்னால் போய்த்தான் வரும். அந்த அரை நொடியைப் பிடுங்கிக்கொண்டு வேகம் என்று பெயர் வைக்கிறார்கள்.

மேலோட்டமாகப் பார்ப்பதே தப்பு என்று சொல்லவரவில்லை. செய்தித்தாளில் எதைப் படிப்பது, எதை விடுவது என்று சலிக்க அது போதும், அதற்கு எட்டாயிரம் ரூபாய் வகுப்பு வேண்டாம். புரிதல் கெடாமல் வேகம் கூடுவது, அந்தத் துறையின் சொற்களும் செய்திகளும் ஏற்கெனவே பழகியிருக்கும்போதுதான். அரசியலமைப்பை இரண்டு வருடம் படித்தவர் மேலே சொன்ன பத்தியை என்னைவிட வேகமாக முடிப்பார், பொருளாதாரத்துக்குப் போனால் அவரும் மெதுவாவார்.

சேருவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: தொடக்கத் தேர்வும் இறுதித் தேர்வும் ஒரே கடினத்தில் இருக்குமா, பாடத்தைப் படிக்காத ஆள் இறுதித் தாளை எழுதினால் எவ்வளவு வாங்குவார்? என் பயிற்சியாளரிடம் கடைசியில் இதைக் கேட்டபோது, "சார், நீங்கள் நெகட்டிவா யோசிக்கிறீங்க" என்றார். அதே கேள்வியை டெமோ வகுப்பிலேயே எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் 'கேரண்டி' என்று போட்ட விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, இரண்டு தேர்வுத் தாள்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள், விளம்பரத்தை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடுவார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.