செலவு தெரிகிறது, மீதிக் காசு எங்கே? ஈஆர்பிநெக்ஸ்ட்டில் நிதிவாரிக் கணக்கு: ஐந்தாவது ஆண்டில் ஓர் அனுபவம்

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் பள்ளியில் நான் கணக்கு பார்க்கிறேன். தமிழ் வழி, மலையாள வழி இரண்டும் உண்டு. பில்கள் பாலக்காட்டிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வரும். 2021 ஏப்ரலில் டேலியை விட்டு ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருளுக்கு மாறினோம். கட்டணம், சம்பளம், ஸ்டோர் இவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதிகம் யாரும் எழுதாத நன்கொடை, மானியக் கணக்கைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

பள்ளிக்கு ஒரே நேரத்தில் நாலைந்து இடத்துப் பணம் வரும். பொதுப் பணத்தை எதற்கும் செலவழிக்கலாம். ஒரு கம்பெனி தன் சமூகப் பொறுப்புக்கான சிஎஸ்ஆர் நிதியில் கொடுத்த பணத்தைச் சொன்ன காரியத்துக்கு மட்டும்தான் செலவழிக்கலாம். மூலதன நிதியை முதலீட்டில் வைத்திருக்க வேண்டும். மூன்றும் ஒரே வங்கிக் கணக்கில் இருந்தாலும் ஏட்டில் மூன்று பெட்டியாகத் தெரிய வேண்டும்.

முதல் வருஷம் ஒவ்வொரு மானியத்துக்கும் தனித்தனிக் கணக்குத் தலைப்பு போட்டேன். 'ஆசிரியர் சம்பளம் – பொது', 'ஆசிரியர் சம்பளம் – சிஎஸ்ஆர்' என்று தலைப்புகள் பெருகி, வருஷக் கடைசியில் மொத்தச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம்தான் `Accounting Dimension` பக்கம் போனேன். Fund என்று ஒரு ஆவண வகை உருவாக்கி அதை டைமென்ஷனாக வைத்தால், எல்லாப் பதிவிலும் 'எந்த நிதி' என்ற கட்டம் தானாக வந்துவிடும். சம்பளம் ஒரே தலைப்பில் இருக்கும், நிதி மட்டும் மாறும். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் இதிலும் ஒரு தப்பு செய்தேன், அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை வருஷம் ஆனது.

2023 பிப்ரவரியில் ஒரு கம்பெனி 12 லட்சம் ஒப்புக்கொண்டது. அறிவியல் கூடத்துக்கு 7 லட்சம், ஜூனில் சேரும் இரண்டு ஆசிரியர்களின் சம்பளத்துக்கு 4 லட்சம், புத்தகத்துக்கும் பயிற்சிக்கும் 1 லட்சம். முதல் தவணையாக 6 லட்சம் வந்தது. வந்த அன்றே வருமானம் என்று எழுதியிருந்தால், மார்ச் 31 அன்று வரவு செலவுக் கணக்கில் பெரிய உபரி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு 'ஓட்டுக்கூரையை மாற்றிவிடலாமே' என்று நிர்வாகக் குழுவில் யாராவது ஆரம்பிப்பார்கள். அதனால் ஆடிட்டர் சொன்னபடி அதைக் கடன் பக்கம் 'செலவாகாத மானியம்' என்ற தலைப்பில் வைத்தேன். மாதக் கடைசியில் அந்த மாதம் செலவான அளவுக்கு மட்டும் அங்கிருந்து வருமானத்துக்கு மாற்றுவேன். மேசை, கருவி மாதிரியான சொத்து என்றால் அதற்குச் சமமான தொகையை 'சொத்து நிதி'க்கு மாற்றுவேன். வருமான வரிக்கு எது வருமானம், எது செலவு என்பது வேறு விவகாரம். அதற்கு ஆடிட்டர் தனிக் கணக்கு போடுவார், அதை இதோடு கலக்கக் கூடாது.

செப்டம்பர் 30 வரை ஆன செலவு இது: ஆசிரியர் சம்பளம் மாதம் 32,000 வீதம் நான்கு மாதத்துக்கு 1,28,000. ஆய்வுக்கூட மேசைகள் 3,40,000. புத்தகம், பயிற்சி 38,500. மொத்தம் 5,06,500. மீதி 93,500. 'செலவாகாத மானியம்' தலைப்பிலும் அதே 93,500 நின்றது. சந்தோஷமாக அறிக்கை அனுப்பினேன்.

கம்பெனி தரப்பிலிருந்து வந்த கணக்காய்வாளர் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். "செலவெல்லாம் சரி சார். மீதிக் காசு எந்தக் கணக்கில் இருக்கு, காட்டுங்க" என்றார்.

`Trial Balance` அறிக்கையில் அந்த நிதியை மட்டும் வடிகட்டிக் காட்டினேன். வங்கியில் 98,500 என்று வந்தது. ஐயாயிரம் அதிகம். அவர் சிரித்துவிட்டு, "குறைஞ்சிருந்தா கேள்வி கேட்டிருப்பேன், அதிகமா இருந்தாலும் கேள்விதான்" என்றார்.

ஐயாயிரம் ரூபாயில் எந்தப் பதிவும் இல்லை. ராத்திரி உட்கார்ந்து தேடியபோதுதான், ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்த இரண்டு தப்புகள் அகப்பட்டன.

முதல் தப்பு ஒரு செக்கில் இருந்தது. புத்தகக் கடைக்கு இரண்டு பில். ஆய்வுக்கூடக் கையேடு 18,500 மானியத்தில், தேர்வுத் தாள் 26,500 பொதுவில். இரண்டுக்கும் சேர்த்து 45,000 ரூபாய்க்கு ஒரே செக் கொடுத்தோம். பில்லைத் திறந்து அங்கிருந்தே பணப் பதிவை உருவாக்கினால் பில்லின் நிதி தானாகக் கூடவே வரும். ஒரே செக் என்பதால் நான் `Payment Entry`யைத் தனியாகத் திறந்து இரண்டு பில்லையும் இழுத்துப் போட்டேன். அந்தப் பதிவில் நிதிக்கு ஒரே ஒரு கட்டம்தான். நான் இயல்பு மதிப்பாக வைத்திருந்த 'பொது' அதில் உட்கார்ந்துகொண்டது. விளைவாக மானிய நிதியில் 18,500 வங்கியிலிருந்து போகவே இல்லை. கடைக்காரருக்குப் பாக்கி இருப்பதாகவும் காட்டியது.

இரண்டாவது, மேசை செய்த கடையின் பில். அதில் மேசைகள் 3,40,000, தலைமையாசிரியர் அறைக்கு ஒரு பீரோ 13,500. பில்லில் ஒவ்வொரு வரிக்கும் தனி நிதி போடலாம், போட்டேன். பீரோ பொது நிதிக்குச் சரியாகப் போனது. ஆனால் கடைக்குத் தர வேண்டிய தொகை முழுவதும் பில்லின் தலைப்பில் இருக்கும் நிதியில்தான் ஏறும். தலைப்பில் மானியம் இருந்தது. 3,53,500 முழுவதும் மானிய நிதியிலிருந்தே போய்விட்டது. பீரோவுக்கான காசைக் கம்பெனி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

18,500 கூடுதல், 13,500 குறைவு, வித்தியாசம் 5,000. இரண்டும் ஒரே தொகையாக இருந்திருந்தால் எனக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

செலவை நிதிவாரியாகப் பிரிப்பது பெரிய வேலை இல்லை, மென்பொருளே பார்த்துக்கொள்ளும். காசையும் பாக்கியையும் பிரிப்பதில்தான் ஆள் கவனமாக இருக்க வேண்டும். டைமென்ஷனை அமைக்கும்போது `Mandatory For Profit and Loss Account` என்ற கட்டத்தை மட்டும் டிக் செய்திருந்தேன். `Mandatory For Balance Sheet` கட்டத்தை விட்டுவிட்டேன். இப்போது இரண்டும் டிக். இயல்பு மதிப்பையும் எடுத்துவிட்டேன். நிதியை நிரப்பாமல் பதிவை ஏற்ற முடியாதபடி ஆனதும் ஆபீஸில் இருக்கும் அக்கா ஒரு மாதம் என்னைத் திட்டினார், பிறகு பழகிவிட்டது.

கூடவே இரண்டு வழக்கம் வைத்தோம். ஒரு பில்லுக்கு ஒரு நிதிதான், இரண்டு கலந்தால் கடையில் இரண்டு பில்லாகக் கேட்டு வாங்குகிறோம். பணப் பதிவை எப்போதும் பில்லிலிருந்தே உருவாக்குகிறோம். செக் ஒன்றாக இருந்தாலும் பதிவு இரண்டு, செக் எண் மட்டும் இரண்டிலும் ஒன்று.

இதற்கு மேல் மாதக் கடைசியில் ஒரு சோதனை ஓட்டுகிறேன். `Query Report` ஆகச் சேமித்து வைத்திருக்கிறேன்:

```sql
SELECT voucher_no, fund,
       SUM(debit - credit) AS diff
FROM `tabGL Entry`
WHERE is_cancelled = 0
GROUP BY voucher_type, voucher_no, fund
HAVING ABS(diff) > 0.01
```

ஒவ்வொரு பதிவிலும் ஒவ்வொரு நிதிக்கும் பற்றும் வரவும் தமக்குள் சமமாக இருக்க வேண்டும். இல்லாதவை இந்தப் பட்டியலில் வரும். பீரோ பில் இதில் உடனே மாட்டும். புத்தகக் கடை செக் மாட்டாது, ஏனென்றால் அந்தப் பதிவு முழுவதும் 'பொது'விலேயே சமமாக இருந்தது, நிதிதான் தப்பு. அதைப் பிடிக்க, கடைக்காரர் பாக்கியை நிதிவாரியாகப் பார்க்க வேண்டும். ஒரே கடைக்கு ஒரு நிதியில் பாக்கியும் இன்னொரு நிதியில் முன்பணம் மாதிரியும் நின்றால், எங்கள் பள்ளியில் அது தொண்ணூறு சதவீதம் இந்தத் தப்புதான். அந்த ஆண்டுக் கணக்கு அப்போது தணிக்கைக்குப் போகவில்லை, அதனால் சரிக்கட்டும் பதிவு போடாமல் பழைய பதிவுகளை ரத்து செய்து புதிதாக எழுதினேன். வங்கி 93,500க்கு வந்தது.

சம்பளத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லா ஆசிரியர்களையும் ஒரே `Payroll Entry`யில் ஓட்டினால் நிதி ஒன்றுதான் வரும். மானிய ஆசிரியர் இருவருக்கும் தனியாக ஓட்டுகிறேன். மாதம் ஐந்து நிமிடம் கூடுதல், அவ்வளவுதான்.

இரண்டாம் தவணை தாமதமானது. 93,500 இருந்தது, அக்டோபரிலிருந்து மூன்று மாதச் சம்பளம் 96,000. டிசம்பரில் 2,500 துண்டு விழுந்தது, ஜனவரியில் 32,000 முழுவதும். 34,500 ரூபாயைப் பொது நிதியிலிருந்து கைமாற்றாகக் கொடுத்தோம். `Journal Entry`யில் நான்கு வரி: பொது நிதியில் 'நிதிகளுக்கிடைக் கடன்' பற்று, வங்கி வரவு, மானிய நிதியில் வங்கி பற்று, 'நிதிகளுக்கிடைக் கடன்' வரவு. வங்கி இருப்பு மாறாது, எந்தப் பெட்டியின் காசு என்பது மட்டும் மாறும். இந்தப் பதிவு வங்கிச் சரிபார்ப்பில் தீராத பதிவாகத் தொங்கிக்கொண்டு நிற்கும், அதே தேதியையே தீர்வுத் தேதியாகக் கொடுத்துவிட வேண்டும். பிப்ரவரியில் தவணை வந்ததும் தலைகீழாக ஒரு பதிவு.

வெளிநாட்டு நன்கொடை வாங்குகிறவர்கள் இந்தக் கைமாற்றைக் கனவிலும் நினைக்க வேண்டாம். அந்தப் பணம் எஸ்பிஐயின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வர வேண்டும், உள்நாட்டுப் பணத்தோடு கலக்கக் கூடாது, கணக்குப் புத்தகமும் தனி. அவர்களுக்கு டைமென்ஷன் போதாது, ஈஆர்பிநெக்ஸ்ட்டில் தனி `Company`யாக வைப்பதே நல்லது என்பது என் எண்ணம். 'ஒவ்வொரு மானியத்துக்கும் ஒரு வங்கிக் கணக்கு திறந்தால் இந்தப் பாடே இல்லையே' என்று செயலாளர் கேட்டார். பெரிய மானியம் ஒன்றுக்குத் திறந்தோம், நிஜமாகவே நிம்மதி. ஆனால் நாற்பதாயிரம் ரூபாய் நூலக நன்கொடைக்கும் ஒரு பாஸ்புக் என்றால் தாங்காது.

`Budget` வசதியைப் பாதி மனதோடுதான் சொல்வேன். நிதிவாரியாக வரம்பு வைத்து, மீறினால் `Stop` என்று போட்டால் பதிவே ஏறாது. நல்லதுதான். ஆனால் எங்களிடம் உள்ள பதிப்பில் அது கணக்காண்டுக்கு ஆண்டு. அடுத்து வந்த ஒரு மானியம் அக்டோபரில் தொடங்கிச் செப்டம்பரில் முடிவது. அதை இரண்டாக வெட்டி, மார்ச்சில் செலவாகாமல் நின்றதை ஏப்ரலில் கையால் கூட்டிப் போட்டேன். அப்படிக் கூட்ட மறந்த ஒரு வாரம், பணம் இருந்தும் பயிற்சிக்கு வந்த மாஷுக்குப் பேருந்துக் கட்டணம் கொடுக்க முடியாமல் பதிவு நின்றுவிட்டது. இப்போது `Stop` எடுத்துவிட்டு `Warn` வைத்திருக்கிறேன்.

ஜிஎஸ்டியை மானியப் பட்ஜெட்டிலேயே சேர்த்துக் கேளுங்கள். எங்களுக்கு உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்காது, அதனால் வரியும் செலவுதான். பொள்ளாச்சிக் கடை வேறு மாநிலம் என்பதால் ஐஜிஎஸ்டி போடுவார், பாலக்காட்டுக் கடை சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் போடுவார். எதுவானாலும் வரியைத் தனித் தலைப்பில் விடாமல் பொருளின் விலையோடு சேர்த்து, அதே நிதியில் ஏற்ற வேண்டும். முதல் வருஷம் வரி முழுவதையும் பொதுவில் விட்டுவிட்டு, மானியத்தில் மீதி இருக்கிறது என்று திருப்பிக்கூடக் கொடுத்திருக்கிறேன்.

பயன்பாட்டுச் சான்றிதழ் இன்னும் கையால்தான். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு எக்செல் வடிவம், தலைப்புகள் வேறு வேறு. `General Ledger` அறிக்கையை நிதிவாரியாக இறக்கி, அவர்கள் கட்டத்தில் நிரப்பி அனுப்புகிறேன். கடைசி வரியில் 'மீதி' என்ற கட்டத்தை நிரப்புவதற்கு முன் அந்த நிதியின் வங்கி இருப்பையும் கடைப் பாக்கியையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எண்ணை எழுதுகிறேன்.