கல் தடுப்புச்சுவர்: மீட்டர் கணக்கில் நான் ஏமாந்த விதம்

சேலத்தில், ஏற்காடு அடிவாரத்தில் சரிவான மனை. மண் சரியாமல் இருக்க 20 மீட்டர் நீளத்துக்குக் கருங்கல் தடுப்புச்சுவர் கட்டினேன். உயரம் 1.5 மீட்டர், மேலே அகலம் 0.45, கீழே 0.9. அடியில் 1.2 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்துக்கு அஸ்திவாரம்.

கான்ட்ராக்டர், "மீட்டருக்கு 1.95 கன மீட்டர் கட்டு வரும் சார்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். மேலே குறுகும் சுவருக்கு அடி அகலத்தையே முழு உயரத்துக்கும் பெருக்கியிருக்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது. மேல், கீழ் அகலங்களின் சராசரி 0.675, அதை 1.5-ஆல் பெருக்கினால் 1.01. அஸ்திவாரம் 0.6. ஆக மீட்டருக்கு 1.61 கன மீட்டர்தான்.

ஒழுங்கற்ற கல் கட்டுக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.25 கன மீட்டர் குவியல் கல் பிடிக்கும். அப்படியானால் என் சுவருக்கு மீட்டருக்கு 2 கன மீட்டர், மொத்தம் 40. நம்ம ஊர் யூனிட்டில் (100 கன அடி) பதினான்கு சொச்சம். பில்லில் இருந்தது 17. கேட்டால் "உடைக்கிறப்ப சேதாரம் சார்" என்றார். அந்த 1.25-லேயே குவியலின் இடைவெளியும் சேதாரமும் அடக்கம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கல்லில் போனது பணம்தான். கலவையில் போனது சுவரே. ஒரு கன மீட்டர் கட்டுக்கு ஏறக்குறைய 0.34 கன மீட்டர் கலவை தேவை. 1:6 என்றால் சிமென்ட் 85 கிலோ. என் சுவருக்கு மீட்டருக்கு 2.7 மூட்டை, மொத்தம் 55. பில்லில் 66 மூட்டை. வேலை முடிந்தபின் வீட்டுக்காரி காலிச் சாக்குகளை எண்ணிக் கட்டி வைத்தாள்: 38!

முகப்பில் பூச்சு பளிச்சென்று இருந்ததால் நான் அதையும் பெரிதாக எடுக்கவில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் வடிகுழாய்களை விட்டுவிட்டு இணைப்புகள் வழியாகக் கசிந்தது. ஓரிடத்தில் சுவர் வயிறு தள்ளியது. இணைப்பில் கம்பியைச் செருகினேன். பூச்சைத் தாண்டியதும் தடையே இல்லாமல் ஒரு சாண் உள்ளே போயிற்று. வெளிக்கல்லுக்கும் உட்கல்லுக்கும் நடுவே சில்லுகளைக் கலவையில்லாமல் கொட்டியிருந்தார்கள். இரு முகத்தையும் கோக்கும் நீளக்கல் ஒன்றுகூட இல்லை.

உங்கள் வேலையில், ஒரு மீட்டர் நீளத்தை முதலில் முழுசாகக் கட்டச் சொல்லிப் பாருங்கள். அதற்கு எத்தனை சாக்கு காலியானது என்று எண்ணுங்கள். உருண்டைக் கல்லானால் இடைவெளி கூடி, கலவை இன்னும் கொஞ்சம் அதிகம் பிடிக்கும். குறைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

தள்ளிய இடத்தில் நான்கு மீட்டரை அஸ்திவாரத்துக்கு மேலே பிரித்து, அதே கல்லில் வேறொரு கொத்தனாரை வைத்துக் கட்டினேன். ஏழு மூட்டை பிடித்தது. மீதிப் பதினாறு மீட்டர் இன்னும் அப்படியே நிற்கிறது.