வருடாவருடம் வரியா, கடைசியில் மொத்தமாக வரியா?

ஒரே தொகை, ஒரே வளர்ச்சி, ஒரே வரி விகிதம். வரியை எப்போது கட்டுகிறோம் என்பது மட்டும் மாறினால் கையில் நிற்கும் பணம் எவ்வளவு மாறும்? 1,00,000 முதல், ஆண்டுக்கு 8% வளர்ச்சி, லாபத்துக்கு 30% வரி என்று வைத்துக்கொள்வோம். முதல் வழியில் ஒவ்வொரு வருட லாபத்துக்கும் அந்தந்த வருடமே வரி. வைப்புத்தொகை வட்டிக்குப் பல இடங்களில் இப்படித்தான் கட்டுகிறார்கள். இரண்டாவது வழியில் பணத்தை வெளியே எடுக்கும் நாளில்தான் மொத்த லாபத்துக்கும் வரி. விற்காமல் வைத்திருக்கும் பங்கு பெரும்பாலும் இந்த வகை.

முதல் வருட முடிவில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. லாபம் 8,000, வரி 2,400, கையில் 1,05,600. ஒரே வருடத்தில் எடுக்கப்போகிறவருக்கு ஒத்திவைப்பால் எந்தப் பயனும் கிடையாது.

இரண்டாம் வருடத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். முதல் வழியில் அந்த 2,400 போய்விட்டது. மீதி 1,05,600 வளர்ந்து, வரி போக 1,11,513.60 ஆகிறது. இரண்டாவது வழியில் 1,08,000 அப்படியே வளர்ந்து 1,16,640 ஆகிறது. இப்போது எடுத்தால் 16,640 லாபத்துக்கு வரி கட்டியபின் மிஞ்சுவது 1,11,648. கூடுதல் 134.40. இது எங்கிருந்து வந்தது? கட்டாமல் வைத்திருந்த 2,400 நமக்காக 192 சம்பாதித்தது, அதற்கும் 57.60 வரி போக மிச்சம் 134.40. ஒத்திவைப்பின் பலன் முழுவதும் இதுதான். அரசுக்குச் சேர வேண்டிய பணம் வட்டியில்லாக் கடனாக நம்மிடம் தங்கி உழைக்கிறது. வரி தள்ளுபடி ஆகவில்லை. அந்தக் கடன் ஈட்டியதில் 70% நமக்குச் சேர்கிறது.

134 சில்லறைதான். ஆனால் கடன் ஒவ்வொரு வருடமும் பெருகுகிறது. 10 வருடத்தில் முதல் வழி ஏறத்தாழ 1,72,400, இரண்டாவது 1,81,100. 30 வருடத்தில் முதல் வழி 5,12,800, இரண்டாவது 7,34,400. வேறு மாதிரி சொன்னால், முதல் வழியில் வரி போக வளர்ச்சி 5.6%, இரண்டாவதில் அது 30 வருடச் சராசரியாக ஏறக்குறைய 6.87%. விகிதம் 30% என்றே எழுதியிருந்தாலும், ஆண்டு வளர்ச்சியிலிருந்து உண்மையில் கழிவது 14% அளவுதான்.

இந்த ஆதாயம் கைநழுவுவது பெரும்பாலும் இடையில் விற்பதால். 10 வருடத்துக்கு ஒருமுறை விற்று, வரி கட்டி, மீதியை மறுபடி முதலீடு செய்தால் 30 வருட முடிவில் சுமார் 5,94,200தான் கிடைக்கும். மொத்தம் மூன்றே முறை வரி கட்டியதில் 1,40,000 போயிற்று. ஒவ்வொரு விற்பனையிலும் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறோம் என்பதே காரணம். முதலீட்டை அடிக்கடி மாற்றச் சொல்லும் எந்த யோசனையையும் இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

அடுத்தது கட்டணம். வரி ஒத்திவைப்பைக் காட்டி விற்கப்படும் திட்டம் ஆண்டுக்கு 1% பிடித்தால் வளர்ச்சி 7% ஆகி, இறுதித் தொகை 5,62,900க்கு இறங்கும். 1.5% பிடித்தால் 4,93,000. அதாவது வருடாவருடம் வரி கட்டும் கட்டணமில்லா முதலீட்டைவிடக் குறைவு! விளம்பரத்தில் வரிச் சலுகையைப் பெரிதாகப் போடுவார்கள். நாம் முதலில் தேட வேண்டியது ஆண்டுக் கட்டண விகிதத்தை.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு: சம்பளத்தில் வரி பிடிக்குமுன்பே போடும் ஓய்வுக்காலக் கணக்கு. இதில் எடுக்கும்போது முதலுக்கும் சேர்த்து வரி என்பதால் பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தவறு. 1,00,000 சம்பளம் அப்படியே உள்ளே போய் 30 வருடத்தில் 10,06,300 ஆகிறது. 30% வரி போக 7,04,400. மற்ற இரண்டு வழிகளில் சம்பளத்துக்கு முதலில் வரி கட்டிவிட்டு 70,000தான் போட முடியும். அது முதல் வழியில் 3,58,900, இரண்டாவதில் 5,14,100. அந்த 70,000 எந்த வரியும் இல்லாமல் வளர்ந்தாலும் வருவது அதே 7,04,400தான். ஆக, நுழையும்போதும் எடுக்கும்போதும் விகிதம் ஒன்றாக இருந்தால், நமக்குச் சேரும் 70% பகுதியின் வளர்ச்சிக்கு வரியே இல்லை என்றாகிறது.

எடுக்கும் காலத்தில் விகிதம் ஏறிவிட்டால்? இரண்டாவது வழிக்கு நிறையவே இடமிருக்கிறது. 10 வருடத்தில் இறுதி விகிதம் சுமார் 37.5%ஐத் தாண்டினால்தான் முதல் வழி முந்தும். 30 வருடத்தில் 54%ஐத் தாண்ட வேண்டும். ஓய்வுக்காலக் கணக்குக்கு, வரியே இல்லாமல் வளரும் கணக்கோடு ஒப்பிட்டால், அந்த இடம் கிடையாது; நுழைந்தபோது இருந்த விகிதத்தைவிடக் கொஞ்சம் கூடினாலும் அதைவிடப் பின்தங்கிவிடும். வருமானம் கூடக்கூட விகிதம் ஏறும் நாடுகளில், முழுத் தொகையையும் ஒரே வருடத்தில் எடுத்தால் அதுவே ஆளை மேல் அடுக்குக்குத் தள்ளிவிடும். பல வருடங்களாகப் பிரித்து, வேறு வருமானம் குறைந்த வருடங்களில் அதிகமாக எடுப்பதே சரியான வழி.