வெட்டிப் போட்ட துண்டில் தெரிந்தது: ரா டெனிமும் ஸ்ட்ரெட்ச் டெனிமும்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரே மாதத்தில் இரண்டு ஜீன்ஸ் வாங்கினேன். ஒன்று 14 அவுன்ஸ் ரா டெனிம், அதாவது நெய்தபின் துவைக்காமலே தைத்த துணி, முழுப் பருத்தி. மற்றொன்று பத்தரை அவுன்ஸ் ஸ்ட்ரெட்ச், அதில் 2 சதவீதம் எலாஸ்டேன். லைக்ரா, ஸ்பான்டெக்ஸ் என்று கடையில் சொல்வதும் இதே இழையைத்தான். சென்னையில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் இது, மீதி நாள் அது என்று மாற்றி மாற்றி உடுத்தினேன்.

இரண்டையும் தையல்காரரிடம் கொடுத்து நீளம் குறைத்தபோது, வெட்டிய துணியைக் கேட்டு வாங்கி வந்தேன். ஜீன்ஸ் வாங்குகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்யலாம். அட்டையில் எழுதியிருப்பதைவிட அந்தத் துண்டு அதிகம் சொல்லும்.

முதலில் எடை. அவுன்ஸ் கணக்கு முழு பேன்ட்டின் எடை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு சதுர கஜம் துணியின் எடை. 5 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் நீளத்தில் துண்டை வெட்டித் தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தேன். ரா துணி 4.8 கிராம். நூறால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 480 கிராம்; அதை 34ஆல் வகுத்தால் 14 அவுன்ஸ் சொச்சம். ஸ்ட்ரெட்ச் துண்டு 3.6 கிராம், அதாவது ஏறக்குறைய பத்தரை அவுன்ஸ். இரண்டு அட்டையும் உண்மையைத்தான் சொல்லியிருந்தன.

12 அவுன்ஸுக்குக் கீழே இருப்பது இலகு ரகம், 12 முதல் 16 வரை நடுத்தரம், அதற்கு மேல் கனம் என்பது பொதுவான வழக்கு. கனமான துணி எளிதில் கிழியாது என்பது சரி. ஆனால் கனம் கூடினால் ஆயுளும் அதே அளவு கூடும் என்பது சரியல்ல. ஜீன்ஸ் பெரும்பாலும் கிழிந்து சாவதில்லை, கவட்டில் உரசித் தேய்ந்துதான் சாகிறது. விறைப்பான துணியில் மடிப்பு முனை கூர்மையாக நிற்பதால் அந்த முனை சீக்கிரமே நைந்துபோகும்.

இனி நூல். ரா துண்டின் ஓரத்திலிருந்து ஒரு நீல இழையை உருவி, முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். மேலே கருநீலம், உள்ளே வெள்ளை. டெனிமில் நெடுக்கே ஓடும் பாவு நூலுக்கு மட்டும்தான் அவுரி நீலம். குறுக்கே ஓடும் ஊடை வெள்ளையாகவே இருக்கும். பாவு நூலைச் சாயத்தொட்டியில் முக்கி எடுத்துக் காற்றில் காட்டி, மறுபடி முக்குவார்கள். அவுரி இழையின் நடுவரை போவதில்லை, மேலே படிந்து நிற்கிறது. அதனால் உரசும் இடத்தில் சாயம் உதிர்ந்து உள்வெள்ளை எட்டிப் பார்க்கிறது. ஜீன்ஸ் வெளுக்கும் அழகு முழுவதும் இந்தக் குறைபாட்டில்தான் இருக்கிறது. (திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிரிட்டுச் சாயம் எடுக்கிறார்கள். கடை ஜீன்ஸுக்குப் போடுவது பெரும்பாலும் ஆலையில் செய்த செயற்கை அவுரி.)

ஸ்ட்ரெட்ச் துண்டில் வெள்ளை ஊடை நூலை உருவிப் பிரித்தால், பஞ்சுக்கு நடுவே தலைமுடி போல மெல்லிய ஓர் இழை தட்டுப்படும். இழுத்தால் ரப்பர் போல நீண்டு, விட்டால் சுருங்கும். அதுதான் எலாஸ்டேன். ஊடையில் மட்டும் இருப்பதால் துணி குறுக்கில் நீளும், நெடுக்கில் நீளாது. இதை வாங்கும்போதே பேன்ட்டைத் திருப்பிக் குறுக்கே இழுத்துச் சோதிக்கலாம்.

உடுத்தும் சுகத்தில் முதல் ஆறு மாதம் ஸ்ட்ரெட்சுக்கே வெற்றி. இதில் வாதத்துக்கே இடமில்லை. தறியில் ஓட்டுவதற்காகப் பாவுக்குப் போட்ட கஞ்சி ரா டெனிமில் அப்படியே இருக்கும். முதல் வாரத்தில் அதை உடுத்திக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய், பந்தியில் தரையில் சம்மணமிட முடியாமல் சுவரோரம் நின்று சாப்பிட்டேன். ஸ்ட்ரெட்ச் என்றால் உட்கார்ந்திருப்பேன்.

அளவு விஷயத்தில்தான் இரண்டும் வெவ்வேறு விதமாக ஏமாற்றும். என் ரா ஜீன்ஸ் 32 என்று அட்டை சொன்னாலும் நாடாவில் இடுப்பு 33 அங்குலம். வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் காயப்போட்டதும் 32 ஆனது. ஒரு மாதம் உடுத்தியதும் மறுபடி 33க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. இது ஆலையிலேயே சுருக்கி எடுத்த சான்ஃபரைஸ்டு துணி. அப்படிச் சுருக்காத துணி என்றால் 10 சதவீதம்வரைகூடச் சுருங்கும். அதைக் கேட்காமல் வாங்கக் கூடாது. ரா டெனிமில் மேல் பொத்தானைப் போட மூச்சை இழுக்க வேண்டியிருந்தால் அதுதான் சரியான அளவு. ஆனால் தொடை இறுக்கினால் வாங்காதீர்கள். இடுப்பு தளர்வதுபோல் தொடை தளராது.

ஸ்ட்ரெட்ச் காலையில் 32 இருந்தது, மாலைக்குள் 33.5. துவைத்தால் மறுபடி 32. இந்த மீட்சிதான் அதன் உயிர். இரண்டாவது ஆண்டு முடியும்போது துவைத்த பிறகும் 33.5 அங்குலத்திலேயே நின்றது, முட்டி தொளதொளவென்று தொங்கியது. உள்ளே எலாஸ்டேன் அறுந்துவிட்டது என்று அர்த்தம். பின்புறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தபோது துணி அலையலையாக நெளிந்திருந்தது. ஆங்காங்கே மெல்லிய வெள்ளை இழைகள் முளைத்தாற்போல் நீட்டிக்கொண்டிருந்தன. குற்றவாளி நான்தான். சுடுநீரில் துவைத்தேன், நல்ல சூட்டில் இஸ்திரி போட்டேன். எலாஸ்டேனுக்குச் சூடும் குளோரின் பிளீச்சும் ஆகவே ஆகாது.

நிறம் வெளுப்பதிலும் வேறுபாடு கஞ்சியாலும் எலாஸ்டேனாலும்தான். ரா டெனிமில் கஞ்சி இருக்கும்போதே உங்கள் உடம்பு மடிப்புகளைப் பதிக்கிறது. இடுப்புக்குக் கீழே மீசைக் கோடுகள், முட்டிக்குப் பின்னால் தேன்கூடு, பணப்பையின் விளிம்பு, எல்லாம் தினமும் அதே இடத்தில் உரசிக் கோடாகின்றன. ஸ்ட்ரெட்ச் துணி மடிவதற்குப் பதிலாக நீண்டு கொடுப்பதால் கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆலையில் லேசரால் போட்டுத் தந்த மீசை என் தொடைமடிப்புக்கு ஓர் அங்குலம் கீழே இருந்தது. பார்த்தவர்கள் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

ஆறு மாதம் துவைக்காமல் உடுத்த வேண்டும் என்ற ரா டெனிம் பிரியர்களின் உபதேசம் குளிர் நாட்டுக்கு வேண்டுமானால் பொருந்தும். நம் வியர்வையில் ஊறிய உப்பும் அழுக்கும் கவட்டு நூலை அரிக்கும். நான் நான்கைந்து மாதம் அடம்பிடித்ததன் பலன், இருபதாவது மாதத்தில் கவட்டில் நூல் நைந்து வெள்ளையாகத் தெரிந்தது. இப்போது பத்துப் பன்னிரண்டு முறை உடுத்தியதும் உள்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் உலர்த்துகிறேன். கோடுகள் கொஞ்சம் மங்கலாகத்தான் வந்தன, துணி பிழைத்தது.

அந்த நைந்த இடத்தில் தையல்காரர் உள்ளே ஒட்டுத்துணி வைத்து, நெருக்கமாக நூலோட்டி அடைத்துக் கொடுத்தார். ஓட்டை விழுவதற்கு முன்பே கொண்டுபோனால்தான் இது எடுபடும். ஸ்ட்ரெட்சிலும் ஒரு முறை முயன்றோம். துணி நீளும், தைத்த நூல் நீளாது. இரண்டாவது வாரமே தையலின் ஓரத்தில் பிய்ந்தது.

மறுபடி வாங்குவதானால் 14 அவுன்ஸ் எடுக்க மாட்டேன். மே மாதத்தில் அதற்குள் கால் வெந்துபோகிறது. 12 அவுன்ஸ் ரா போதும். அதிகம் வண்டி ஓட்டுபவர், குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவர் ஸ்ட்ரெட்சே வாங்கட்டும், ஆனால் எலாஸ்டேன் 1 சதவீதமும் துணி 11, 12 அவுன்ஸுமாகப் பார்த்து. கடையில் உடுத்தும்போதே அது தாராளமாக இருந்தால், அதற்கு ஓர் அளவு கீழே எடுங்கள். என் ஸ்ட்ரெட்ச் இப்போது வண்டி துடைக்கிறது. ரா இன்னும் கொடியில் தொங்குகிறது, கவட்டில் இரண்டாவது ஒட்டுடன்.