+91 80 என்று தொடங்கும் எண்கள்: பெங்களூரில் பல ஆண்டு அனுபவம்

எங்கள் அல்சூர் வீட்டில் கைப்பேசிகளுடன் ஃபைபர் இணைப்போடு வந்த தரைவழி எண்ணும் பல ஆண்டுகளாக இருக்கிறது. டெல்லி, மும்பை, சென்னை எண்களில் இல்லாத ஒரு குழப்பம் பெங்களூர் எண்களில் உண்டு. சென்னையின் 044-இல் பூஜ்யத்தை நீக்கி +91 சேர்த்தால் எண் 44 என்று தொடங்கும். இந்தியக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் மட்டுமே தொடங்குவதால் அது தரைவழி என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். பெங்களூரின் 080-இல் அதையே செய்தால் 80 என்று தொடங்கும் பத்து இலக்கங்கள் கிடைக்கின்றன; 80-இல் தொடங்கும் கைப்பேசி எண்களும் ஏராளம்.

இவற்றைப் பிரித்தறிய நான் மூன்றாம் இலக்கத்தைப் பார்க்கிறேன். 802, 804, 806 என்றால் தரைவழி வரிசை. 805, 808, 809 என்றால் கைப்பேசி. 807 வந்தால் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை, கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

என் மாமனார் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வீட்டு முகவரியை எஸ்.எம்.எஸ். அனுப்பிவிட்டு, மாதிரி எடுக்க ஆள் வருவார் என்று காலை முழுவதும் வெறும் வயிற்றோடு காத்திருந்தார். எண்ணை வாங்கிப் பார்த்தேன். +91 80 4 என்று இருந்தது. "மாமா, இது தரைவழி எண். பேசலாம், எஸ்.எம்.எஸ். போய்ச் சேராது" என்று சொல்லி, அதே எண்ணை அழைத்து முகவரியைச் சொன்னோம். வங்கியில் இத்தகைய எண்ணைப் பதிவு செய்தாலும் ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். கிடைக்காது.

அந்த எண்ணுக்குப் பின்னால் செம்புக் கம்பி இருக்கிறதா, இணையம் இருக்கிறதா என்பதை இலக்கங்கள் சொல்வதில்லை. எங்கள் வீட்டு எண்ணே இணையக் கருவி வழியாகத்தான் வேலை செய்கிறது. மின்சாரம் போய், கருவிக்கு மாற்று மின்வசதியும் இல்லையென்றால் தொலைபேசி ஊமையாகிவிடுகிறது. தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் பெற்ற பழைய இணைப்பில் அந்தக் குறை இல்லை என்பதால், வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இணையவழித் தொலைபேசியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சில கடைகளின் 080 எண்ணுக்கு வாட்ஸ்அப் இருப்பதைக் கண்டு அதைக் கைப்பேசி என்று முடிவு செய்யக்கூடாது. வாட்ஸ்அப் பிசினஸில் தரைவழி எண்ணைக் குரல் அழைப்பு மூலம் உறுதிசெய்து பதியலாம். ஆகவே வாட்ஸ்அப் செய்தி இணையம் வழியாகச் சேரும், அதே எண்ணுக்கு அனுப்பும் எஸ்.எம்.எஸ். சேராது.

செலவைப் பொறுத்தவரை, வரம்பற்ற அழைப்புத் திட்டம் உள்ளவர்களுக்கு உள்நாட்டில் கைப்பேசிக்கும் தரைவழிக்கும் வேறுபாடு இல்லை. 1800 எண்கள் இலவசம். 1860 எண்களுக்கு அழைப்பவர் கட்டணம் செலுத்த வேண்டும், பல திட்டங்களின் வரம்பற்ற அழைப்பில் அவை அடங்குவதில்லை. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் தம்முடையது இணைய எண் என்று சொன்னாலும், +1 என்று தொடங்கும் அந்த எண்ணை இங்கிருந்து சாதாரணமாக அழைத்தால் ஐ.எஸ்.டி. கட்டணமே விழும், எனவே அவர்களுடன் நாங்கள் வாட்ஸ்அப் அழைப்பில் மட்டுமே பேசுகிறோம்.