உள்ளங்காலில் பேனா மை

முதலில் செருப்புக் கதை. மெல்பர்னிலிருந்து இதற்காகவே வாங்கி வந்த நல்ல தோல் செருப்பு. கும்பகோணத்தில் தோல் டாக்டரின் கிளினிக் வாசலில் கழற்றிப் போட்டேன், திரும்பி வந்தால் அந்த இடத்தில் வார் அறுந்த ரப்பர் செருப்பு ஒன்றுதான் கிடந்தது. கம்பவுண்டரிடம் சொன்னால், "இங்கே அப்படித்தான் சார், பழசைப் போட்டுட்டு வரணும்" என்கிறார். காலையில் ஆறு மணிக்கே போய் நோட்டில் பேர் எழுதி வைத்து, சாயங்காலம் இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, கடைசியில் இது.

சரி, போகட்டும். வெறுங்காலோடு உள்ளே போனதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் போனது அத்தைக்குத் துணையாக. அத்தைக்கு 63 வயது. இடது குதிகாலில் ஒரு வருஷமாக "கால் ஆணி". மெடிக்கலில் கேட்டதும் கார்ன் பிளாஸ்திரி கொடுத்திருக்கிறார்கள். அதில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் தோலை வெள்ளையாக ஊற வைத்து உரித்துவிடும், ஆனால் அடியில் இருந்த கறுப்பு போகவில்லை. அப்புறம் தெருமுனை டாக்டர் ஒருவர் பிளேடால் மேலாகச் சீவிவிட்டிருக்கிறார். சீவியதை என்ன செய்தார் என்று கேட்டேன். "குப்பையிலதான் போட்டார், வேறென்ன பண்ணுவார்?" என்றார் அத்தை. இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆணியைச் சீவினால் நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு முளை தெரியும், கறுப்புக் கோடு தெரியாது. தெரிந்தால், சீவிய துண்டை லேபுக்கு அனுப்ப வேண்டும்.

அத்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. உள்ளங்காலில் மச்சம் இருந்தால் ஊர் சுற்றுவான் என்று என்னைப் பார்த்துச் சொல்லிச் சொல்லியே வளர்த்த வீடு அது. என் இரண்டு பாதங்களிலும் ஏழெட்டுப் பழுப்புப் புள்ளிகள் உண்டு. நான் ஆஸ்திரேலியா போனதற்கு அவைதான் காரணம் என்பது குடும்ப முடிவு.

ஆஸ்திரேலியாவில் தோல் புற்றுநோய் என்றால் வெயில். கடற்கரை, தொப்பி, சன்ஸ்கிரீன், சிவந்த தோள்கள். வருஷா வருஷம் நானும் ஸ்கின் செக் போகிறேன். முதுகு, கை, காது மடல் வரை லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு தடவைகூட சாக்ஸைக் கழற்றச் சொன்னதில்லை. கறுப்புத் தோல்காரனுக்கு இது வராது என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். ஊரில்தான் வாசலிலேயே கால் தெரிந்துவிடுகிறதே!

டாக்டர் அம்மா முதலில் என் காலைத்தான் பார்த்தார். பிறகு மேஜை டிராயரிலிருந்து இங்க் பேனா ஒன்றை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் நாம் ஊற்றி எழுதிய அதே நீல மை. என் பாதத்துப் புள்ளி ஒன்றின் மேல் பூசினார், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார், தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பை வைத்துப் போனில் படம் எடுத்துக் காட்டினார். உள்ளங்காலில் கைரேகை போல வரிகள் ஓடுகின்றன. வரப்பும் வாய்க்காலும் மாறி மாறி. துடைத்த பிறகு மை வாய்க்காலில் மட்டும் தங்கும். வரப்பின் நடுவில் வியர்வைத் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாக வரிசையாகத் தெரியும். என் புள்ளியில் பழுப்பும் நீலமும் ஒரே கோட்டில் விழுந்து, பழுப்பே காணாமல் போயிருந்தது. நிறம் வாய்க்காலில் இருந்தால் பெரும்பாலும் சாதாரண மச்சம். நம் நிறத்துக்காரர்களுக்கு இரண்டு காலிலும் இப்படிப் பல புள்ளிகள் இருப்பது சகஜம் என்றார்.

அடுத்து அத்தையின் குதிகால். அதே மை, அதே பஞ்சு. திரையில் நீலக் கோடு, பக்கத்தில் அகலமான கறுப்புக் கோடு, மறுபடி நீலம், மறுபடி கறுப்பு. நிறம் வரப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு ஓரம் மங்கலாக விரல்களை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. அளந்தால் 11 மில்லிமீட்டர். டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இது ஆணி இல்லைம்மா. சதை எடுத்துப் பார்த்துடணும்" என்றார்.

வரப்பில் நிறம் இருந்தாலே புற்று என்று முடிவு கட்ட முடியாது, கறுத்த தோலில் வரப்பே இயல்பாகக் கொஞ்சம் கறுத்திருக்கும் என்றும் அவரே சொன்னார். அதனால்தான் பயாப்சி. சந்தேகப்பட்ட தோல் புற்றின் பெயர் ஏக்ரல் மெலனோமா. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி, இந்த மூன்று இடங்களில் வருவது. வெயிலுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை, அதனால் நம் கறுப்பு இங்கே காப்பாற்றுவதில்லை. பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் 1977-இல் கண்டுபிடித்தது இந்த வகைதான். 1981-இல் இறந்தபோது அவருக்கு வயது 36.

"கத்தி பட்டா பரவிடும்டா" என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். பெஞ்சில் இருந்த பாதிப் பேர் ஆமோதித்தார்கள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "எடுக்கிறதால பரவாது. எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு தெரியாம விடறதுதான் ஆபத்து." இந்த நோயில் அகலத்தைவிட ஆழம்தான் கணக்கு. ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் ஒரு கதை, நான்கு என்றால் வேறு கதை. மேலாகச் சீவினால் அந்த ஆழத்தை அளக்கவே முடியாது, முழு ஆழத்துக்கும் எடுக்க வேண்டும்.

எடுத்தார்கள். அடுத்த நிமிஷம் ஃபார்மலின் பாட்டிலை என் கையில் கொடுத்து, "லேபுல கொடுத்துடுங்க" என்கிறார்கள்! மெல்பர்னில் இப்படி என்றால் பேப்பரில் வந்துவிடும். அத்தையின் சதைத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரோ விட்டுப்போன ரப்பர் செருப்போடு, ஷேர் ஆட்டோவில் இடுக்கிக்கொண்டு போனேன். மூடி கசிகிறதா என்று வழி முழுக்கத் தொட்டுப் பார்த்தபடி.

ஒன்பதாம் நாள் ரிப்போர்ட். மெலனோமாதான். ஆழம் 0.7 மில்லிமீட்டர், மேலே புண் இல்லை. சென்னையில் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். இந்த ஆழத்துக்கு நெறிகட்டியில் தேட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தால் ஆழம் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கேட்டேன், சர்ஜன் பதில் சொல்லவில்லை.

கிளம்பும் முன் டாக்டர் அம்மா நகத்தைப் பற்றியும் சொல்லி அனுப்பினார். நம்மில் பலருக்குப் பல நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடு இருக்கும், அது பழைய சொத்து. ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து, 3 மில்லிமீட்டரைத் தாண்டி அகலமாகி, நகத்தை விட்டுப் பக்கத்துத் தோலிலும் கறுப்பு படர்ந்தால் உடனே வர வேண்டும். அடிபட்டு ரத்தம் கட்டியது என்றால் நகம் வளர வளர முன்னால் நகர்ந்துபோகும். நகராமல் அடியிலிருந்தே கோடாக வந்துகொண்டிருந்தால் அது ரத்தக்கட்டு இல்லை. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், இரண்டு மாதத்தில் போட்டோ எடுத்து ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

அதனால் இப்போது மாதம் ஒரு ஞாயிறு வீடியோவில் அத்தை காலைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. போன வாரம் முதல் தடவை. போனை யாரோ பிடித்துக்கொள்ள, ஃபேனுக்கு நேராகக் கால் மேலே வந்தது. பத்து விரல் நகத்திலும் பளபளவென்று மருதாணி.

"பக்கத்து வீட்டுக் கல்யாணம்டா" என்றார்.