மேடை விளக்கில் ஊதாவான முகம்: ஒயிட் பேலன்ஸா, சேனல் மிக்சரா, கருப்பு வெள்ளையா?

சேலத்தில் எந்த மண்டபத்து ரிசப்ஷனுக்குப் போனாலும் மேடையின் இரு பக்கமும் எல்இடி பார் லைட் நிற்கிறது. பள்ளி ஆண்டு விழாவிலும் அதேதான். நேரில் பார்க்கும்போது அழகாக இருக்கும். படத்தில் முகம் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் வந்து நிற்கும். இதைச் சரிசெய்ய ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எது நல்ல வழி என்பதை முகத்தில் எந்த வெளிச்சம் விழுந்தது என்பதுதான் முடிவு செய்யும்.

பழைய ஹாலஜன் விளக்கின் முன்னால் கலர் பேப்பர் ஒட்டிய காலத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை. அந்த விளக்கின் ஒளியில் எல்லா நிறமும் இருக்கும்; பேப்பர் வழியாகக் கொஞ்சமாவது கசியும். எல்இடி பாரில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி டையோடுகள். நீலத்தை மட்டும் போட்டால் மேடையில் சிவப்பு ஒளியே கிடையாது. நம் தோல் தோலாகத் தெரிவதே அது சிவப்பை அதிகமாகத் திருப்பி அனுப்புவதால்தான். விழாத ஒளியை அது எங்கிருந்து திருப்பி அனுப்பும்?

அதனால் திருத்துவதற்கு முன் ஒரு வேலை. போட்டோஷாப்பில் Channels பகுதிக்குப் போய் Red, Green, Blue மூன்றையும் ஒவ்வொன்றாகத் தட்டி, முகத்தை மட்டும் பாருங்கள். மூன்றிலும் கண், மூக்கு, கன்னத்தின் வளைவு தெரிந்தால் ஒயிட் பேலன்ஸ் போதும். ஒன்று மட்டும் இருட்டாகவும் புள்ளி புள்ளியாகவும் இருந்தால் சேனல் மிக்சர். இரண்டு செத்துப் போயிருந்தால் கலரை மறந்துவிட்டுக் கருப்பு வெள்ளைக்குப் போவதே மரியாதை.

ஓர் ஆண்டு விழாப் படத்தை எடுத்துக்கொள்வோம். பொங்கல் பாட்டுக்குக் குழு நடனம். பையன்கள் வெள்ளை வேட்டி, பெண் பிள்ளைகள் பாவாடை தாவணி. மேலே சிவப்பும் நீலமும் சேர்ந்து எரிகின்றன. ஐஎஸ்ஓ 3200, ரா ஃபைல். முன் வரிசைச் சிறுமியின் கன்னத்தில் சிவப்பு 210, பச்சை 70, நீலம் 190. சாதாரண வெளிச்சத்தில் நம் ஊர்த் தோலில் சிவப்பு அதிகம், பச்சை அதற்குக் கீழே, நீலம் கடைசி. இங்கே பச்சை அடியில் கிடக்கிறது.

முதலில் எல்லோரும் தொடுவது ஒயிட் பேலன்ஸ். வேட்டியில் டிராப்பரை வைத்துத் தட்டுவார்கள். வேட்டியின் பளிச்சென்ற பகுதியில் சிவப்பும் நீலமும் 255-ல் முட்டி நிற்கும். அங்கே எடுத்த அளவு பொய்யான அளவு. தட்டுவதாக இருந்தால் மடிப்பின் நிழலில் தட்ட வேண்டும். அப்படித் தட்டினாலும் இந்தப் படத்தில் அது பாதிக் கிணறுதான் தாண்டும். பச்சையை 70-லிருந்து 130 அளவுக்கு ஏற்றுவது கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஒளிக்கணக்கில் அது ஏறத்தாழ நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப். அந்தச் சேனல் ஐஎஸ்ஓ 12800-ல் எடுத்ததுபோல நாய்ஸ் கக்கும். Tint-ஐ ஓரம் வரைக்கும் தள்ளிய பிறகும் கன்னம் சாம்பல் கலந்த ரோஜா நிறத்திலேயே நிற்கும்.

சேனல் மிக்சரின் வழி வேறு. அது இல்லாத பச்சையைப் பெருக்குவதில்லை. நன்றாக இருக்கும் சிவப்பிலிருந்து கடன் வாங்குகிறது. Channel Mixer அட்ஜஸ்ட்மென்ட் லேயரைப் போட்டு, Output Channel-ஐ Green ஆக்கி, Red 45, Green 55, Blue 0 என்று வையுங்கள். பச்சை 133 ஆகிறது. அடுத்து Output Channel Blue. அதில் Red 20, Green 30, Blue 25. நீலம் 190-லிருந்து 110-க்கு இறங்குகிறது. கன்னம் இப்போது 210, 133, 110. முகம் வந்துவிட்டது, நாய்ஸும் கூடவில்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சிவப்புச் சேனலில் குங்குமப் பொட்டும் உதடும் தோலும் கிட்டத்தட்ட ஒரே வெளுப்பில் இருக்கும். பச்சைச் சேனலில்தான் பொட்டு கருத்துத் தனியாகத் தெரியும். சிவப்பிலிருந்து அதிகமாகக் கடன் வாங்க வாங்க, பொட்டு நெற்றியில் கரைந்து போகும், உதடு வெளிறும். அதனால்தான் 70, 80 என்று போகாமல் 45-லேயே நிறுத்தச் சொல்கிறேன். இன்னொன்று, இதே கணக்கு வேட்டியைப் பழுப்பு மஞ்சளாக்கிவிடும். லேயர் மாஸ்க்கைக் கருப்பாக்கி, முகம், கழுத்து, கையில் மட்டும் மென்மையான பிரஷ்ஷால் வெள்ளை தடவுங்கள். பின்னணி ஊதாவாகவே இருக்கட்டும். அது மேடை, அப்படித்தான் இருக்க வேண்டும். கழுத்தை விட்டுவிட்டால் முகமூடி மாட்டியதுபோலத் தெரியும் என்பதால் தாடையோரத்தைப் பெரிதாக்கி ஒருமுறை பாருங்கள்.

அடுத்த பாட்டில் நீலம் மட்டும் எரிகிறது என்றால் இந்தக் கடன் வேலையும் நடக்காது. கொடுக்க வேண்டிய சிவப்பே இல்லை. இங்கே கருப்பு வெள்ளைதான் ஜெயிக்கிறது. அதிலும் நீலச் சேனலை மட்டும் எடுத்தால். ஒரு எச்சரிக்கை: தோலின் மெலனின் நீல ஒளியை அதிகம் விழுங்குவதால் மாநிற முகம் இருப்பதைவிடக் கருத்து, கரும்புள்ளி எல்லாம் எடுப்பாகத் தெரியும். Curves-ல் நடுப்பகுதியைக் கொஞ்சம் தூக்கி, கிளாரிட்டியைக் குறையுங்கள். சிவப்பு மட்டும் எரிந்தால் நேர் எதிர். தோல் வழுவழுவென்று வெளுத்து அழகாக வரும், உதடுதான் காணாமல் போகும்.

ரிசப்ஷன் கதை இதைவிட எளிது. வீடியோக்காரர்களின் வெள்ளை லைட் முன்னாலிருந்து விழுவதால் மூன்று சேனலிலும் ஏதாவது இருக்கும். முகத்துக்கு மட்டும் லைட்ரூமில் ஒரு மாஸ்க், அதில் Temp, Tint. பெரும்பாலும் அவ்வளவுதான். மாப்பிள்ளையின் ஒரு கன்னம் வெள்ளையாகவும் மறு கன்னம் நீலமாகவும் இருந்தால், நீலக் கன்னத்துக்கு மட்டும் தனி மாஸ்க் போட்டு, முழுவதும் சமமாக்காமல் முக்கால் பங்கோடு நிறுத்துவது நன்றாக இருக்கும்.

பிளாஷ் இந்தப் போட்டியில் எங்கே நிற்கிறது? மண்டபத்தில் மணமக்களிடமிருந்து மூன்று மீட்டரில் நின்றால் எல்லாத் திருத்தத்தையும்விட அதுவே மேல். ஆண்டு விழாவில் பதினைந்து மீட்டர் தள்ளி நிற்பீர்கள். தூரம் ஐந்து மடங்கு என்றால் வெளிச்சம் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அங்கே பிளாஷைவிட லைட்மேன்தான் உதவி. “அண்ணா, முன்னாடி ரெண்டு பாரில் மட்டும் வெள்ளையைக் கொஞ்சம் ஏத்துங்க” என்று நடனம் தொடங்குமுன் கேட்டுப் பாருங்கள். கண்ணுக்கு மேடையின் நிறம் பெரிதாக மாறாது. கேமராவின் பச்சைச் சேனலுக்கு அந்தக் கொஞ்சமே சாப்பாடு.

ஏற்காட்டில் திறந்தவெளி மேடை என்றால் வேலையின் வரிசையை மாற்றுங்கள். பனிமூட்டம் விளக்கின் நிறத்தை வாங்கிப் படம் முழுக்கப் பூசிவிடும். கருப்பு முடியே நீலமாக வரும். அதை வைத்துக்கொண்டு சேனல் மிக்சர் போட்டால் மூட்டத்தின் நிறமும் சேர்ந்தே கலக்கும். முதலில் Dehaze, அப்புறம் Curves-ல் ஒவ்வொரு சேனலின் அடிப்பகுதியையும் இழுத்து முடியைக் கருப்பாக்குங்கள். முகத்துக்குப் போவது அதற்குப் பிறகுதான்.